பகலில் மேசை, இரவில் அலமாரி

கேள்வி: மும்பை முலுண்டில் ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில் கணவர், 4 வயது மகள், நான் என மூவர் இருக்கிறோம். வாரத்தில் 3 நாள் நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கிறேன். இப்போது சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுகிறேன். அலுவலகத்தில் தந்த 24 அங்குல மானிட்டர் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. படுக்கையறையில் ஒரு மூலையை ஒதுக்க நினைக்கிறோம். ஆனால் மாலை 7 மணிக்குப் பிறகு அங்கே அலுவலகம் இருந்த அடையாளமே தெரியக் கூடாது. மகள் 9 மணிக்கு அதே அறையில் தூங்குவாள். கணவர் ஒரு மடக்கு மேசை வாங்கச் சொல்கிறார். எனக்கோ சுவரில் மடங்கும் பலகை ஒன்றைப் பொருத்தலாம் என்று தோன்றுகிறது. எது சரி? என் உயரம் 5 அடி 2 அங்குலம். அறையின் அளவுப் படத்தை இணைத்திருக்கிறேன்.
— வாசகி, முலுண்டு

பதில்: இரண்டுமே உங்களுக்குப் போதாது என்று நினைக்கிறேன். மடக்கு மேசையோ சுவர்ப் பலகையோ மடங்குவது எளிதுதான். மடங்காதவை அதன் மேல் இருக்கும் பொருள்கள். மானிட்டரைத் தூக்கி எங்கே வைப்பது, அதன் இரண்டு வயர்களை எப்படிச் சுற்றுவது, சார்ஜரையும் கோப்புகளையும் எந்த இழுப்பறையில் போடுவது என்ற வேலை ஒவ்வொரு மாலையும் 15 நிமிடம் பிடித்தால், முதல் வாரம் செய்வீர்கள். இரண்டாம் வாரத்திலிருந்து மேசை விரித்தபடியே கிடக்கும். ஆகவே மேசையை எப்படி விரிப்பது என்பதிலிருந்து தொடங்காமல், இரவில் எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு, அதற்கேற்ற மேசையைச் செய்ய வேண்டும்.

நான் பரிந்துரைப்பது, தரையில் நிற்கும் ஆழம் குறைந்த ஓர் அலமாரி. அகலம் 3 அடி, உயரம் 5 அடி, ஆழம் 11 அங்குலம் மட்டுமே. அதன் நடுப்பகுதியின் கதவு பக்கவாட்டில் திறக்காமல், கீழ் விளிம்பில் கீல் வைத்து முன்னோக்கிச் சாய்ந்து, கிடைமட்டமாக நின்று மேசையாகும். கதவின் உயரம் 18 அங்குலம். திறந்தால் உள்தட்டின் 11 அங்குலமும் கதவின் 18 அங்குலமும் ஒரே மட்டத்தில் சேர்ந்து 29 அங்குல ஆழமுள்ள மேசை கிடைக்கும். அந்த 11 அங்குலத்தில் இருப்பவை இரவிலும் அங்கேயே இருக்கலாம். 18 அங்குலத்தில் இருப்பவை எல்லாம் மாலையில் அகல வேண்டும். இந்த ஒரு கோட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் தாமாக வந்துவிடும்.

முதலில் இடம். உங்கள் படத்தில் கிழக்குச் சுவரில் தலைமாடும், வடக்குச் சுவரில் ஜன்னலும், தெற்குச் சுவரில் 2 அடி ஆழமும் 6 அடி நீளமும் உள்ள துணி அலமாரியும், மேற்குச் சுவரின் வட கோடியில் வாசலும் இருக்கின்றன. கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே மேசை போடலாம் என்று பென்சிலால் குறித்திருக்கிறீர்கள். அங்கே கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே 42 அங்குலம்தான் இருக்கிறது. மேசைக்கு 29 போனால் மிஞ்சும் 13 அங்குலத்தில் நாற்காலி நுழையாது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டிவரும், ஒரு மாதத்தில் முதுகு கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். ஜன்னலுக்கு அடியிலும் வேண்டாம். அது மழை அடிக்கும் வெளிச்சுவர். மேலும், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் வெளி வெளிச்சத்துக்கு எதிரே திரை மங்கலாகத் தெரிந்து கண் களைத்துப்போகும்.

நீங்கள் குறிக்காமல் விட்ட இடம் ஒன்று இருக்கிறது. துணி அலமாரி மேற்குச் சுவர் வரை நீளவில்லை. அதன் பக்கவாட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே 4 அடி நீளமும் 2 அடி ஆழமும் உள்ள ஒரு குழிவு மிஞ்சியிருக்கிறது. படத்தில் அங்கே ‘துணி ஸ்டாண்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். (மும்பை வீடுகளில் இப்படிப்பட்ட மூலை ஒன்று கிடைத்தால் அது பெரும்பாலும் துணி உலர்த்தும் ஸ்டாண்டுக்கோ சூட்கேஸ்களுக்கோ போய்விடுகிறது.) ஸ்டாண்டுக்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள், இந்த மூலைதான் உங்கள் திட்டத்தையே சாத்தியமாக்கப் போகிறது.

கட்டிலைக் கொஞ்சம் வடக்கே நகர்த்தி, ஜன்னல் சுவரிலிருந்து 1 அடி மட்டும் விடுங்கள். அப்போது கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் இடையே 3 அடி அகலமுள்ள நடைபாதை கிடைக்கும். புதிய அலமாரியை மேற்குச் சுவரில், தெற்கு மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்துங்கள். மூலையோடு ஒட்டி வைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். ஆனால் அப்படி வைத்தால் பின்னால் நகரும் நாற்காலி துணி அலமாரியின் பக்கவாட்டில் இடிக்கும். ஒன்றரை அடி தள்ளினால் நாற்காலி நடைபாதையின் நேர்கோட்டில் வந்துவிடும். பின்னால் நகர்ந்து எழுந்திருக்கத் தேவையான 30 அங்குலம் தாராளமாக இருக்கும். மாலையில் மேசைக் கதவு மூடிய பிறகு, நாற்காலியை அந்தக் குழிவுக்குள் தள்ளிவிட்டால் நடைபாதையின் 3 அடியும் காலியாகிவிடும். இதில் ஒரு சங்கடம் உண்டு: நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது துணி அலமாரியின் கடைசிக் கதவைத் திறக்க முடியாது. பகலில் தேவைப்படாத கம்பளி, பட்டுப் புடவை போன்றவற்றை அந்தப் பக்கம் மாற்றிவிடுங்கள்.

வெளிச்சத்துக்கும் இது நல்ல இடம். மேற்கே பார்த்து உட்காரும்போது ஜன்னல் உங்கள் வலப்பக்கம் வரும். திரைக்குப் பின்னாலும் இல்லாமல், உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து திரையில் பிரதிபலிக்கவும் செய்யாமல், பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சம்தான் கண்ணுக்கு இதமானது. வீடியோ அழைப்பில் மட்டும் உங்கள் பின்னால் கட்டிலின் ஒரு பகுதி தெரியும். அதற்குப் பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளலாம். அல்லது காலையில் படுக்கையை மடித்து விரிப்பை ஒழுங்காகப் போட்டுவிட்டால் அதுவும் போதும்.

அடுத்தது மேசையின் உயரம். இதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். தச்சரிடம் விட்டால் கேட்காமலே 30 அங்குலம் வைத்துவிடுவார்; சாப்பாட்டு மேசைகளுக்கு வழக்கமான உயரம் அது. 5 அடி 2 அங்குல உயரமுள்ளவர் அதில் தட்டச்சு செய்தால் தோள்கள் நாள் முழுவதும் தூக்கியபடியே இருக்கும். அல்லது நாற்காலியை உயர்த்திக்கொள்ள, பாதம் தரையில் படாமல் தொங்கும். வேலைக்குப் பயன்படுத்தப் போகும் அதே நாற்காலியில், பாதம் முழுவதும் தரையில் பதிய உட்கார்ந்து, தோளைத் தளர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கிக்கொள்ளுங்கள். கணவரை விட்டுத் தரையிலிருந்து முழங்கையின் அடிப்பகுதி வரை அளக்கச் சொல்லுங்கள். உங்கள் உயரத்துக்கு அது 26, 27 அங்குலத்தை ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கிறேன். வரும் அளவுதான் மேசையின் மேல்மட்டம். கணக்குக்காக இங்கே 27 என்று வைத்துக்கொள்கிறேன். கணவரும் எப்போதாவது அங்கே உட்காருவார் என்பதற்காக உயரத்தைக் கூட்ட வேண்டாம். உயரமானவர் நாற்காலியை இறக்கிச் சமாளித்துவிடுவார், உயரம் குறைந்தவருக்கு அந்த வசதி கிடையாது.

மானிட்டரை அதன் காலோடு உள்ளே நிறுத்தாதீர்கள். பெரும்பாலான கால்களின் அடித்தட்டு 8 அங்குலம் வரை முன்னோக்கி நீண்டு, உள்தட்டின் இடத்தையெல்லாம் தின்றுவிடும். மானிட்டரின் முதுகில் 100 மில்லிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். இருந்தால் காலைக் கழற்றிவிட்டு, தட்டையான சுவர்ப் பிராக்கெட் ஒன்றின் மூலம் அலமாரியின் முதுகுப் பலகையிலேயே மாட்டிவிடலாம். அப்போது அது முன்னோக்கி எடுப்பது ஏறக்குறைய 4 அங்குலம்தான். திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே 25 அங்குலம், அதாவது கையை நீட்டினால் விரல்நுனி படும் தூரம் வரும். அது சரியான தூரம். மானிட்டரின் அடி விளிம்பு மேசையிலிருந்து 4 அங்குலம் உயரத்தில் இருக்கட்டும். அந்த இடைவெளியில் இரவில் கீபோர்டும் மவுஸும் படுத்துக்கொள்ளும். மேல் விளிம்பு 17 அங்குலத்துக்குள் அடங்குவதால் மூடும் கதவு இடிக்காது; உங்கள் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும் வரும்.

24 அங்குல மானிட்டரின் அகலம் 21 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே இரு பக்கமும் 6 அங்குலத்துக்கு மேல் மிஞ்சும். இடப்பக்கத்தில் மடிக்கணினியைப் புத்தகம்போல் செங்குத்தாகச் செருகிவைக்க ஒரு தடுப்பும், வலப்பக்கத்தில் ஏ4 கோப்புகள் நிற்க ஒரு தடுப்பும் அடித்துக்கொள்ளுங்கள். இவ்வளவுதான் சேமிப்பிடம். இதற்குமேல் கோப்புகள் சேர்ந்தால் அவை அலுவலகத்திலோ வேறொரு பெட்டியிலோ இருக்க வேண்டியவை. கதவுக்கு மேலுள்ள தட்டை முழுக்க வீட்டுப் பொருளுக்கே கொடுத்துவிடுங்கள். மகளின் கதைப் புத்தகங்களும் ஒரு செடியும் அங்கே இருந்தால், மூடிய பிறகு பார்ப்பவர்களுக்கு அது வெறும் புத்தக அலமாரிதான். கதவுக்குக் கீழே எதையும் வைக்காதீர்கள். உங்கள் கால் நீளும் இடம் அது.

வயர்தான் இப்படிப்பட்ட அலமாரிகளைத் தோற்கடிக்கும் முதல் எதிரி. நான்கு சாக்கெட் உள்ள ஒரு ஸ்பைக் கார்டை உள்ளே இடப்பக்கச் சுவரில் திருகி இறுக்கிவிடுங்கள். மானிட்டர், மடிக்கணினி சார்ஜர், விளக்கு மூன்றும் அதில் நிரந்தரமாகச் செருகியே இருக்கும். சார்ஜரின் கட்டியான பகுதியை வெல்க்ரோ பட்டையால் பலகையோடு கட்டி, முனை மட்டும் மடிக்கணினிவரை எட்டும்படி விடுங்கள். உள்தட்டின் பின்மூலையில் 2 அங்குல ஓட்டை ஒன்று போட்டால், அலமாரியிலிருந்து வெளியேறுவது ஸ்பைக் கார்டின் ஒற்றை வயர் மட்டுமே. எல்லாம் சேர்த்தும் 100, 150 வாட்டைத் தாண்டாது. சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டே போதும். ஆனால் சார்ஜர் சூடாகும் பொருள் என்பதால், முதுகுப் பலகையின் மேல் ஓரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு, மூடும் முன் சுவர் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். மடிக்கணினியை இயங்கும் நிலையிலோ ஏதோ பதிவிறங்கிக்கொண்டிருக்கும்போதோ உள்ளே செருகிக் கதவைச் சாத்தாதீர்கள். காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது கொதித்துப்போகும்.

விளக்குக்கு, மேல்தட்டின் முன் விளிம்புக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டையை, கண்ணில் நேராகப் படாதபடி ஒரு சிறிய மறைப்புடன் ஒட்டிவிடலாம். தனி மேசைவிளக்கு வேண்டாம். அதையும் மாலையில் எடுத்துவைக்க வேண்டியிருக்கும்.

இனி பலகை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் வாங்குங்கள். பார்ட்டிகிள் போர்டு மலிவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தினமும் திறந்து மூடும் கீலின் திருகுகள் அதில் நிற்பதில்லை. மும்பை மழைக்காலக் காற்றின் ஈரத்தில் விளிம்புகளும் உப்பிக்கொள்ளும். ஐ.எஸ். 303 முத்திரையுள்ள பி.டபிள்யூ.ஆர். தரம் உங்களுக்குப் போதும். வாசல் இருக்கும் மேற்குச் சுவர் உட்சுவர் என்பதால், சமையலறைக்குப் போடும் விலை கூடிய ஐ.எஸ். 710 தேவையில்லை. அளவுகளைக் கூட்டிப் பார்த்தால் மொத்தப் பலகை 30 சதுர அடியை ஒட்டி வருகிறது. 8க்கு 4 ஷீட் ஒன்று 32 சதுர அடி. வெட்டும் சேதாரத்தையும் சேர்த்தால் ஒரு ஷீட்டும் இன்னொன்றில் கொஞ்சமும் ஆகும். மூன்று ஷீட் என்று யாராவது கணக்கு சொன்னால் உட்கார வைத்து விளக்கம் கேளுங்கள்.

சாயும் கதவுக்கு இரண்டு பக்கமும் சன்மைகா ஒட்டச் சொல்லுங்கள். பணத்தை மிச்சப்படுத்த, வெளிப்பக்கம் மட்டும் ஒட்டி உள்ளே வண்ணம் பூசிவிடுவது வழக்கம். அப்போது ஒரு பக்கம் ஈரத்தை இழுக்கும், மறுபக்கம் இழுக்காது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் பலகை வளைந்துவிடும். கதவை மூடும்போது மூன்று மூலைகள் பொருந்தி, ஒரு மூலை மட்டும் எட்டிப் பார்த்தால் அதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு சரிசெய்ய முடியாது, கதவையே மாற்ற வேண்டும். கீலாக, கதவின் முழு நீளத்துக்கும் ஓடும் பியானோ கீல் வேண்டும். மேசையைத் தாங்க இரு பக்கமும் ஒரு மடங்கும் ஸ்டே வேண்டும்; அது கதவைத் தடாலென்று விழவிடாமல் மெதுவாக இறக்கும் வகையாக இருக்கட்டும். 4 வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். கதவின் மேலே, 45 அங்குல உயரத்தில், ஒரு சிறு பூட்டும் போட்டுவிடுங்கள்.

வாடகை வீடு என்பதால் சுவரைத் துளைக்க உரிமையாளர் தயங்கலாம். சுவர்ப் பலகையை நான் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: அங்கே மேசையின் முழுப் பாரமும் சுவரில்தான் தொங்கும். இந்த அலமாரியின் பாரம் தரைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் இரண்டு திருகுகள் கட்டாயம் வேண்டும். ஆழம் 11 அங்குலமே இருக்கும் பெட்டியின் முன்னால் 18 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் நுனியில் ஒருவர் முழுப் பாரத்தையும் ஊன்றினாலோ, மகள் தொங்கினாலோ, மொத்தமும் முன்னோக்கிக் கவிழும். உச்சியில் இரண்டு எல் வடிவத் தகடுகளால் சுவரோடு பிணைத்தால் அந்த ஆபத்து இல்லை. அவ்வளவு உயரத்தில் சுவர்மீது வரும் இழுவை மிகக் குறைவு. முழு ஆள் சாய்ந்தாலும் 15 கிலோவை ஒட்டித்தான் வரும். துளையிடும்போது விழும் தூளைக் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் செங்கல். சாதாரண 8 மில்லிமீட்டர் நைலான் பிளக் பிடித்துக்கொள்ளும். வெள்ளையாக, மாவுபோல் வந்தால் புதிய கட்டடங்களில் உட்சுவருக்குப் போடும் லேசான சிமெண்ட் கல். அதற்கென்றே விற்கும் நீளமான பிளக் வாங்க வேண்டும், சாதாரணப் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. 11 மாத ஒப்பந்தம் முடிந்து காலி செய்யும்போது இரண்டு ஓட்டைகளை புட்டி வைத்து அடைத்துவிட்டால் போதும். அலமாரியும் கழற்றாமலே லிஃப்டில் இறங்கிவிடும் அளவுதான்.

நாற்காலி பற்றி ஒரு வார்த்தை. இடம் மிச்சம் என்று மடக்கு நாற்காலி வாங்கி அதில் 8 மணி நேரம் உட்காராதீர்கள். கைப்பிடி இல்லாத, உயரம் மாற்றக்கூடிய சிறிய சுழல் நாற்காலியே சரி. சக்கரங்கள் பொருந்திய அடிப்பாகத்தின் மொத்த விட்டம் 24 அங்குலத்தைத் தாண்டாமல் கடையில் அளந்து வாங்குங்கள். குழிவின் ஆழம் 2 அடிதான்.

தச்சரை அழைக்கும் முன் ஒரு முழு வேலைநாள் ஒத்திகை பாருங்கள். கட்டிலை நகர்த்தி, அலமாரியும் விரிந்த மேசையும் வரும் இடத்தைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் கட்டம் போடுங்கள். நாற்காலியைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு, மடியிலோ ஒரு ஸ்டூலிலோ மடிக்கணினியை வைத்து அங்கேயே வேலை செய்யுங்கள். கணவர் எத்தனை முறை உங்களைத் தாண்டித் துணி அலமாரிக்குப் போகிறார், மகள் பள்ளியிலிருந்து வந்ததும் எந்தப் பக்கம் ஓடுகிறாள், கட்டிலின் வடக்கே விட்ட 1 அடியில் கணவரால் இறங்கி ஏற முடிகிறதா என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த 1 அடி போதாது என்று அவர் சொன்னால், நடைபாதையில் 4 அங்குலம்வரை விட்டுக்கொடுக்கலாம். அதற்குமேல் கொடுத்தால் நாற்காலி கட்டிலில் இடிக்கத் தொடங்கும். அப்போது அலமாரியின் அகலத்தை 32 அங்குலமாகக் குறைத்து, கோப்புத் தடுப்பைக் கைவிடுவதுதான் வழி.